பதினொரு மணி நேரமும் ஐம்பத்தெட்டரை மணி நேரமும்

"தம்பி, நீங்க அனுப்பின பில் வந்துச்சு. ஐம்பத்தெட்டரை மணி நேரம்னு போட்டிருக்கீங்க. டவுன் கடைக்கு மூணு நாள், தென்காசிக் கடைக்கு ஒரு நாள், எல்லாம் சேர்த்தாலும் நாங்க பார்க்க நீங்க உக்காந்திருந்தது பதினொரு மணி நேரம்தான். ஆரம்பத்துல 36 மணி நேரம்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. தேரோட்டத்தன்னைக்கு ரத வீதியில ஒரு கடையும் திறக்கலை. அன்னைக்கும் ஆறரை மணி நேரம் எழுதியிருக்கு. போன் பேசினதுக்கும் பில்லா? இதே வேலையை மொத்தமா இருபதாயிரத்துக்கு முடிச்சுத் தந்திருப்பேன்னு வேற ஒருத்தர் சொல்லுதாரு. 36 மணி நேரத்துக்கு மேல நான் தரதா இல்லை. நியாயத்தைச் சொல்லுங்க."

— பாத்திரக் கடை உரிமையாளர், திருநெல்வேலி டவுன்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

கடிதம் வந்த அன்றே பதில் எழுதாமல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஜூன் 16 முதல் ஜூலை 11 வரை நான் எழுதி வைத்த நேரக் குறிப்பை முதல் வரியிலிருந்து மறுபடி படித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அன்று முடிந்த வேலை என் கோப்பில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே எழுதுவது என்று வைத்திருந்தேன். படித்துப் பார்த்ததில் மூன்று இடங்களில் உங்கள் மேல் ஏறக்கூடாத நேரம் ஏறியிருக்கிறது. அவற்றைக் கழித்துத் தருகிறேன். எஞ்சிய நேரம் முழுவதும் ஜிஎஸ்டி துறையிலிருந்து உங்களுக்கு வந்த நோட்டீஸுக்காக நான் செய்த வேலைக்கு உரியது என்பதால் அதை 36 ஆகக் குறைக்க என்னால் இயலாது. இரண்டுக்கும் காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். முதலில் கணக்கின் சுருக்கம்.

| வேலை | பில்லில் இருந்த மணி | திருத்திய மணி |
|---|---|---|
| கடைகளில் இருந்து பில் கோப்பு, டாலி கணக்கு பார்த்தது (4 நாள்) | 11.00 | 11.00 |
| டவுன் கடை பில்களை 2பி அறிக்கையுடன் ஒப்பிட்டது | 14.50 | 14.50 |
| தென்காசிக் கடை பில்களை ஒப்பிட்டது | 15.00 | 13.00 |
| சரக்கு அனுப்பியவர்களுடன் பேசியது | 5.50 | 4.50 |
| நோட்டீஸுக்குப் பதிலும் இணைப்புகளும் தயாரித்து ஏற்றியது | 9.00 | 9.00 |
| தென்காசிப் பயணம் (பாதிக் கட்டணம்) | 3.50 | 1.75 |
| மொத்தம் | 58.50 | 53.75 |

முதல் திருத்தம் பயணம் பற்றியது. நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தக் கடிதத்தில், பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு வந்துபோவதற்குக் கட்டணம் இல்லை என்றும், வெளியூர்ப் பயணத்துக்குப் பாதிக் கட்டணம் என்றும் இருக்கிறது. தென்காசிக்குப் போய்வந்த மூன்றரை மணி நேரத்தை முழுக் கட்டணத்தில் போட்டுவிட்டேன். இரண்டாவது, கும்பகோணத்தில் பித்தளைச் சாமான் அனுப்புகிறவரின் கணக்கருடன் ஜூன் 25 அன்று பேசிய ஒரு மணி நேரம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. பகலில் கையால் குறித்ததை இரவில் கணினியில் ஏற்றும்போது அதே வரியை மறுபடி அடித்திருக்கிறேன். மூன்றாவதுதான் எனக்கு வருத்தம் தருவது. தென்காசிக் கடையின் டாலியிலிருந்து கொள்முதல் பதிவேட்டை எடுக்கும்போது, ஏற்கெனவே திரையில் இருந்த காலவரம்பை மாற்றாமல் எடுத்துவிட்டேன். மார்ச் மாத பில்கள் விடுபட்டுப்போனது இரண்டு மணி நேரம் ஒப்பிட்ட பிறகே தெரிந்து, அந்த வேலையைத் திரும்பச் செய்தேன். என் கவனக்குறைவால் இரட்டிப்பான நேரத்துக்கு நீங்கள் பணம் தரக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து 4,275 ரூபாய் குறைகிறது.

இனி, நீங்கள் கண்ணால் பார்க்காத நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வந்திருந்த நோட்டீஸ் 2022-23 ஆம் நிதியாண்டுக்கானது. மாதாந்திர 3பி ரிட்டனில் நீங்கள் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிக்கும், உங்களுக்குச் சரக்கு அனுப்பியவர்கள் தாக்கல் செய்ததை வைத்து இணையதளம் தானாக உருவாக்கும் 2பி அறிக்கைக்கும் இடையில் 4,86,000 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது, விளக்கம் தாருங்கள் என்று துறை கேட்டிருந்தது. எந்தெந்த பில்லால் இந்தத் தொகை வந்தது என்று நோட்டீஸில் இராது; ஆண்டின் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். ஆகவே டாலியில் உள்ள ஒவ்வொரு கொள்முதல் பில்லையும் 2பியில் உள்ள வரியுடன் ஜோடி சேர்த்துப் பார்த்து, ஜோடி இல்லாமல் நிற்பவை எவை, ஏன் நிற்கின்றன என்று கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சரக்கு அனுப்பியவரின் பதிவு எண், பில் எண், தேதி, வரித் தொகை நான்கும் ஒத்துப்போனால் கணினி ஒரு நொடியில் ஜோடி சேர்த்துவிடும். டவுன் கடையின் 640 பில்களில் 419 அப்படிச் சேர்ந்தன; அவற்றுக்கு நான் நேரம் எழுதவே இல்லை. மீதி 221 சேரவில்லை. ஒரு பில்லை மட்டும் சொல்கிறேன். உங்கள் கணக்கர் டாலியில் `45` என்று பதிந்திருக்கிறார். 2பியில் அது `KVM/22-23/0045` என்று இருக்கிறது. தேதியும் ஒத்துப்போகவில்லை, பில் போட்ட தேதியை விட்டுவிட்டு, லாரி ஆபீஸிலிருந்து சரக்கு கடைக்கு வந்து சேர்ந்த தேதியைப் பதிந்திருக்கிறார். வரித் தொகையில் 40 காசு வித்தியாசம். மூன்றும் வேறாக இருக்கும்போது கணினிக்கு இவை இரண்டு தனித்தனி பில்கள். மனிதன் உட்கார்ந்து, கோப்பில் உள்ள அசல் பில்லின் நகலை எடுத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று தீர்மானித்து, அதற்கெதிரே காரணத்தை எழுத வேண்டும். 221 பில்லுக்கு பதினான்கரை மணி நேரம் என்றால் ஒரு பில்லுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். தென்காசிக் கடையின் 487 பில்களில் கையால் பார்க்க வேண்டியிருந்தவை 196. பதின்மூன்று மணி நேரம். அங்கும் ஒரு பில்லுக்கு நான்கு நிமிடம்தான் வருகிறது. இரண்டு கடைக்கும் ஒரே வேகம் வருவதை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையைக் கடையில் உட்கார்ந்து செய்திருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகம் எழுந்திராது. ஆனால் முதல் நாளிலேயே உங்கள் கணக்கர் மேசையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, குடத்து அடுக்குகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தார். முகூர்த்தக் கூட்டம் வேறு. ஆகவே கடையில் அசல் கோப்பைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதை என் அலுவலகத்தில் செய்தேன். நேரக் குறிப்பை மட்டும் காட்டி ‘நான் எழுதியிருக்கிறேன், நம்புங்கள்’ என்று நான் சொல்ல மாட்டேன். நேரத்தை யாரும் எழுதிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் என்ன முடிந்தது என்பதே சாட்சி. கையால் பார்த்த 417 பில்களும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் சேரவில்லை, எதை வைத்துத் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறது. அதில் எந்த வரியை வேண்டுமானாலும் நீங்கள் தொட்டுக் கேட்கலாம்.

அடுத்து, 36 மணி நேரம் என்று நான் சொன்னது. சொன்னேன், ஒப்பந்தக் கடிதத்திலும் இருக்கிறது. அதே வரியில் ‘சுமார் 640 கொள்முதல் பில்கள் என்ற அடிப்படையில் உத்தேச மதிப்பீடு’ என்றும் இருக்கிறது. அந்த எண்ணிக்கை உங்கள் கணக்கர் கொடுத்தது, டவுன் கடைக்கு மட்டும் உரியது. தென்காசிக் கிளையின் கொள்முதல் டாலியில் தனிக் கம்பெனியாக இருக்கிறது என்பது ஜூன் 20 மாலை கடையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கடைக்கும் ஜிஎஸ்டி பதிவு எண் ஒன்றே என்பதால் 2பி அறிக்கையும் ஒன்றே. தென்காசியை விட்டுவிட்டு டவுனை மட்டும் ஒப்பிட்டால், அறிக்கையில் ஏறக்குறைய பாதி வரிகள் ஜோடியில்லாமல் நிற்கும். அதை வைத்துத் துறைக்கு ஒரு பதிலும் எழுத முடியாது. அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னீர்கள். இரவே வாட்ஸ்அப்பில், தென்காசி பில்களும் சேர்வதால் மணிநேரம் கூடும் என்று எழுதி அனுப்பினேன். நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள்.

இதில் என் பக்கம் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கூடும் என்று எழுதினேனே தவிர, எத்தனை மணி நேரம் கூடும், எத்தனை ரூபாய் கூடும் என்று எழுதவில்லை. 487 பில் என்ற எண்ணிக்கை கையில் இருந்தபோது அந்தத் தொகையை உத்தேசமாகவாவது சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் இந்தப் பில் உங்களுக்கு அதிர்ச்சியாக வந்திராது. அதிர்ச்சி தந்ததற்காக வருந்துகிறேன். ஆயினும், தொகையைச் சொல்லாததால் அந்த வேலை நடக்காத வேலை ஆகிவிடாது. நீங்கள் ஒப்புக்கொண்டு நடந்த வேலை அது. தென்காசி பில்களுக்கான பதின்மூன்று மணி நேரத்தையும் பயணத்தையும் தனியே எடுத்துவைத்தால் மிஞ்சுவது 39 மணி நேரம். நான் 36 என்று மதிப்பிட்ட வேலை 39 ஆகியிருக்கிறது. அந்த மூன்று மணி நேரமும்கூடத் தென்காசியால் வந்ததே, ஏனென்றால் அங்கு நான் இருந்த ஒரு நாள் கடைகளில் இருந்த 11 மணி நேரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

தேரோட்டத்தன்று கடை அடைத்திருந்தது உண்மை. நானும் வடம் பிடிக்க வரவில்லை. நோட்டீஸ் ஜூன் 12 அன்று வந்தது. முப்பது நாளுக்குள், அதாவது ஜூலை 12-க்குள் பதில் போக வேண்டும். தேருக்கும் அந்தக் கெடுவுக்கும் இடையில் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களே. அன்று காலை முதல் பதிலை எழுதினேன். 4,86,000 ரூபாயில் 3,84,000 ரூபாய், சரக்கு அனுப்பியவர்கள் தாமதமாகத் தாக்கல் செய்ததால் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய 2பி அறிக்கைகளில் வந்திருக்கிறது. அதை மறு ஆண்டில் நீங்கள் இரண்டாவது முறை எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. 36,000 ரூபாய், லாரி வாடகைக்கு நீங்களே கட்டிவிட்டு எடுத்துக்கொண்ட வரி. அது ரிட்டனில் தவறான கட்டத்தில் ஏறியிருந்தது. மீதி 66,000 ரூபாய்க்கு ஆதாரம் இல்லை, அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். தவறாக எடுத்த வரியைப் பயன்படுத்தியும் இருந்தால் 18 சதவீத வட்டி உண்டு. அன்று பிற்பகல், உள்ளீட்டு வரி இருப்பைக் காட்டும் உங்கள் மின்னணுக் கடன் பேரேட்டை மாதம் மாதமாகப் பார்த்து, இருப்பு எந்த மாதத்திலும் ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை, ஆகவே அந்த வரியை எடுத்தீர்களே தவிரப் பயன்படுத்தவில்லை, வட்டிக்கு இடமில்லை என்று அட்டவணையோடு எழுதினேன். அந்தப் பக்கம் பதிலின் நான்காவது இணைப்பாக உங்களிடம் இருக்கிறது. ஆறரை மணி நேரம் அதற்குப் போனது.

தொலைபேசி நேரத்தில் உங்களுடன் பேசியது ஒரு நிமிடமும் இல்லை. கால் மணி நேரத்துக்குள் முடியும் உரையாடலுக்குக் கட்டணம் இல்லை என்பது நம் ஒப்பந்தம், நாம் பேசியதெல்லாம் அதற்குள்தான். அந்த நாலரை மணி நேரம், ஜோடி சேராத பில்களை அனுப்பிய 23 பேருடன் பேசியது. கும்பகோணத்துக்காரரின் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பில்கள் 2022-23இன் அறிக்கையில் எங்குமே இல்லை. பேசிய பிறகுதான், அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர், அந்தத் தவணையைக் கெடு தாண்டித் தாக்கல் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. உடனே அடுத்த ஆண்டின் அறிக்கையைத் திறந்தால் அவருடைய பில்கள் வரிசையாக அங்கே இருந்தன. அந்த ஒரு உரையாடல் இல்லையென்றால் அவையும் ஆதாரமில்லாத கணக்கில் போயிருக்கும்.

மொத்தமாக இருபதாயிரம் என்று சொல்பவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவரிடம் எத்தனை பில் என்று எந்த எண்ணிக்கையைச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியாது. ஜூன் 16 அன்று நானும் இரண்டு வழியைச் சொன்னேன். டவுன் கடைக்கு மட்டும் மொத்தமாக 45,000 ரூபாய், அல்லது மணிக்கு 900 ரூபாய். மொத்தத் தொகையில் வேலை கூடினால் நஷ்டம் என்னுடையது, குறைந்தால் லாபமும் என்னுடையது. மணிக்கணக்கில் இரண்டும் உங்களுடையவை. 36 மணி நேரத்துக்கு 32,400 ரூபாய்தான் வருகிறது என்று நீங்கள் மணிக்கணக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள். அது அன்று சரியான தேர்வே. வேலை முடிந்த பிறகு ஒன்றின் விலையை மற்றொன்றின் முறையில் தீர்க்க முடியாது என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே திருத்திய கணக்கு இது. 53.75 மணிக்கு 48,375 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டி 8,707 ரூபாய் 50 காசு; மொத்தம் 57,082 ரூபாய் 50 காசு. முதலில் வந்த 62,127 ரூபாய் பில்லைக் கிழித்துப் போட வேண்டாம். அது என் ரிட்டனில் ஏறும் பில் என்பதால், குறைந்த தொகைக்கு வரியோடு சேர்த்து 5,044 ரூபாய் 50 காசுக்கு ஒரு கிரெடிட் நோட் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கர் இரண்டையும் டாலியில் பதிய வேண்டும். பில்லை மட்டும் பதிந்தால் உங்கள் 2பியில் இன்னொரு வித்தியாசம் கிளம்பும்.

நீங்களே ஒப்புக்கொண்ட 36 மணிக்கு வரியோடு 38,232 ரூபாய் வருகிறது. அதில் நமக்குள் பேச்சுக்கே இடமில்லை என்பதால், ஆகஸ்ட் 10-க்குள் அதை அனுப்பிவையுங்கள். அதைப் பெற்றுக்கொண்டதை, மீதியை நான் விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீதி 18,850 ரூபாய் 50 காசை, தொகையை முன்கூட்டிச் சொல்லாத என் குறையை எண்ணி, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலுமாக இரண்டு தவணையில் தரலாம். அதற்குத் தாமதக் கட்டணம் எதுவும் போட மாட்டேன். ஆனால் தொகையில் இதற்குமேல் குறைப்பதற்கு இல்லை. உங்கள் தொழிலோடு சேர்ந்த ஒரு செய்தியையும் சொல்லிவைக்கிறேன்: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். அது எல்லா பில்லுக்கும் பொருந்தும், இதற்கும்தான்.

இந்தப் பில் தீரும்வரை உங்கள் காகிதம் எதையும் நான் நிறுத்திவைக்க மாட்டேன். பதிலின் நகலும் அதை ஏற்றியதற்கான ஒப்புகையும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. எக்செல் கோப்பையும் இன்றே மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அதிகாரி விளக்கத்தை ஏற்று முடித்துவைத்தால் வேலை அத்துடன் நின்றுவிடும். மேலும் ஏதாவது கேட்டால் அது தனி வேலை. இந்த முறை எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய் என்று எழுதி, உங்கள் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்குவேன். மதிப்பிட்டதில் நான்கில் மூன்று பங்கு நேரம் தீர்ந்ததும், அங்கே நிறுத்தி உங்களுக்கு எழுதுவேன்.

நேரில் பார்த்தால்தான் மனம் ஆறும் என்றால், வருகிற செவ்வாய் அல்லது புதன் காலை, கூட்டம் சேரும் முன் பத்து மணிக்கு மடிக்கணினியோடு கடைக்கு வருகிறேன். 417 பில்களில் நீங்கள் கை வைக்கும் எந்தப் பத்தை வேண்டுமானாலும் உங்கள் கணக்கர் முன்னிலையில் திறந்து காட்டுகிறேன். அவற்றில் வேலை செய்யாமல் நேரம் எழுதியதாக ஒன்று தெரிந்தாலும், அதைப் போல மீதியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்போம். இந்தக் கடிதத்துக்கும் அந்தச் சந்திப்புக்கும் கட்டணம் கிடையாது. எந்த நாள் தோதுப்படும் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
வரி ஆலோசகர், பாளையங்கோட்டை